இரண்டையும் வகுத்தால் மட்டும் போதுமா?

தலவாக்கலையில் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் வாசலில் குடைகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் இரண்டு விடைத்தாள்களோடு என் மேசைக்குத் திரும்பி வந்தான். ஒன்று அவனுடையது, மற்றது அவனுடைய வகுப்புத் தோழியுடையது. இரண்டிலும் ஒரே வினாவுக்கு நான் சரி போட்டிருந்தேன். விடைகளோ வேறு வேறு.

வினா நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான். ஒரு தோட்டத்தில் இரண்டு நாற்றுமேடைகள். ஒன்றில் 2821 தேயிலைக் கன்றுகள், மற்றதில் 1911. இரண்டையும் கலக்காமல், ஒன்றும் மிஞ்சாமல், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வரும்படி அடுக்க வேண்டும். ஒரு வரிசையில் அதிகமாக எத்தனை கன்றுகள் வைக்கலாம்? பொதுக் காரணிகளுட் பெரியது, அதாவது பொ.கா.பெ., கேட்கும் வழக்கமான வினா. மாணவி 7 என்று எழுதியிருந்தாள். கீழே 7 × 403 = 2821, 7 × 273 = 1911 என்று சரிபார்த்தும் காட்டியிருந்தாள். மாணவன் 91 என்று எழுதி, 91 × 31 = 2821, 91 × 21 = 1911 என்று காட்டியிருந்தான். இரவில் கட்டுக் கட்டாகத் தாள் திருத்தும்போது என் கண் அந்தச் சரிபார்ப்பு வரிகளைத்தான் பார்த்தது. நான்கு பெருக்கல்களும் சரி. ஆகவே இரண்டு தாளிலும் சரி விழுந்துவிட்டது.

"இவளுக்கு 7, எனக்கு 91. இரண்டும் எப்படிச் சரியாகும் சேர்?" என்றான்.

"91தானே பெரியது, மகன். உன்னுடையதுதான் சரி. அவளுடையதில் நான் தவறிவிட்டேன்" என்றேன். அவன் போகவில்லை.

"91ஐ விடப் பெரியது ஒன்று இல்லை என்று எப்படித் தெரியும் சேர்?"

"நீ எப்படிச் செய்தாய்?"

"காரணி பிரித்தேன்."

"அப்புறம் என்ன?"

"அவளும் காரணிதான் பிரித்தாள், சேர்."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பல வருடங்களாகப் பொ.கா.பெ. கற்பிக்கிறேன். விடையைச் சரிபாருங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். எதைச் சரிபார்க்கச் சொல்கிறேன் என்று அன்றுதான் யோசித்தேன். இரண்டு எண்களையும் வகுத்துப் பார் என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்தது. அது 'பொதுக் காரணி' என்ற சொல்லை மட்டுமே சோதிக்கிறது. 'பெரியது' என்ற சொல்லை அது தொடவே இல்லை.

403 என்ற எண்

அந்தப் பிள்ளை எங்கே நின்றுபோனாள் என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவள் கவனக்குறைவாகச் செய்யவில்லை. 2821க்கும் 1911க்கும் 2 போகாது, 5 போகாது. 3 போவது 1911இல் மட்டும். 7 இரண்டுக்கும் போகிறது. 403, 273 மிஞ்சுகின்றன. மறுபடியும் 7 போட்டுப் பார்த்திருக்கிறாள். 273இல் போகிறது, 403இல் 4 மீதி. 11உம் போகவில்லை. 403ஐப் பார்த்தால் முதன்மை எண் போலத்தான் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டாள். உண்மையில் 403 என்பது 13 × 31. 273இலும் ஒரு 13 ஒளிந்திருக்கிறது. இன்னும் ஓர் எண் தள்ளி முயன்றிருந்தால் பிடித்திருப்பாள்.

ஆனால் 'இன்னும் ஓர் எண் தள்ளி முயன்றுபார்' என்பது ஒரு முறை ஆகாது. எத்தனை எண் தள்ளி? வேறொரு வினாவில் அது 37ஆக இருக்கலாம், 53ஆக இருக்கலாம். காரணி தேடுகிறவருக்குக் கிடைத்த காரணி கண்ணுக்குத் தெரியும். கிடைக்காத காரணி எந்தத் தடயத்தையும் விடாது. 403க்கும் 273க்கும் பொதுவாக எதுவும் இல்லை என்று அவள் எழுதியதன் பொருள், தான் எதையும் காணவில்லை என்பதுதான்.

இதற்கு ஒரு சின்னக் கைவினை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருந்ததற்காக இன்றும் வருந்துகிறேன். இரண்டு எண்களுக்குப் பொதுவான எந்தக் காரணியும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். 403இலிருந்து 273ஐக் கழித்தால் 130. 130இன் முதன்மைக் காரணிகள் 2, 5, 13 மட்டும்தான். ஆகவே 403க்கும் 273க்கும் பொதுவாக ஏதாவது முதன்மைக் காரணி இருந்தால், அது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 3, 7, 11, 17, 19 எதையும் தொட வேண்டியதில்லை. 2உம் 5உம் 403இல் போகா. மிஞ்சியது 13 ஒன்றுதான். எங்கே தேட வேண்டும் என்று வித்தியாசமே விரலை நீட்டிக் காட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு கழித்தல் போதுமாயிருந்தது.

கடைத் தராசு

மாணவனின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். 91ஐ விடப் பெரியது இல்லை என்று, யார் எந்த வழியில் 91ஐக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், விடையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? அதுதான் அவன் கேட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும் வழியில் ஒரு கடை. இன்னும் இரண்டு தட்டுத் தராசு வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு கிலோ கோதுமை மா கேட்டார். ஒரு கிலோ படிக்கல்லைக் காணவில்லை. கடைக்காரர் ஒரு தட்டில் ஐந்து கிலோக் கல்லை வைத்தார். மறுதட்டில் இரண்டு கிலோக் கற்கள் இரண்டை வைத்து, அவற்றின் பக்கத்திலேயே மாவைக் கொட்டத் தொடங்கினார். முள் நேராக நின்றபோது மா சரியாக ஒரு கிலோ. ஐந்தில் நான்கு போக ஒன்று. அந்த அம்மாவும் கடைக்காரரும் இதில் எந்த அதிசயத்தையும் காணவில்லை. நான்தான் எதற்கு வந்தேன் என்பதை மறந்து நின்றேன்.

கடைக்காரரிடம் 6 கிலோக் கற்களும் 4 கிலோக் கற்களும் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எத்தனை கற்களை எந்தத் தட்டில் மாற்றி மாற்றி வைத்தாலும் ஒரு கிலோ வராது. ஒவ்வொரு கல்லும் இரட்டை; கூட்டினாலும் கழித்தாலும் இரட்டைதான் வரும். அப்படியே திருப்பிப் பார்த்தேன். 5ஐயும் 2ஐயும் கொண்டு 1ஐ நிறுக்க முடிந்தது என்றால், 5க்கும் 2க்கும் பொதுவாக இருக்கும் எந்தக் காரணியும் அந்த 1ஐயும் வகுக்க வேண்டும். நிறுத்த அந்த மாவே சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் 2821ஐயும் 1911ஐயும் படிக்கற்களாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2821இலிருந்து 1911ஐக் கழித்தால் 910. 1911இலிருந்து இரண்டு 910களைக் கழித்தால் 91. 910இல் 91 பத்து முறை மிச்சமின்றிப் போகிறது. யூக்ளிட் காலத்திலிருந்து வருகிற மீதி எடுக்கும் முறை இதுதான். மூன்றே வரியில் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு வேண்டியது விடை இல்லை, 91ஐ நிறுத்த விதம். 910 என்பது 2821 − 1911 என்பதால், அதை இரண்டாவது வரியில் போட்டால் இப்படி வருகிறது:

3 × 1911 − 2 × 2821 = 5733 − 5642 = 91

ஒரு தட்டில் 1911 மூன்று, மறுதட்டில் 2821 இரண்டு, வித்தியாசம் 91. இனி 2821ஐயும் 1911ஐயும் வகுக்கும் எண் எதுவாக இருந்தாலும் சரி, அதை d என்போம். மட்டு d இல், அதாவது d ஆல் வகுத்த மீதியை மட்டும் கணக்கில் எடுத்தால், 2821உம் 0, 1911உம் 0. அப்படியானால் இடது பக்கம் முழுவதும் 3 × 0 − 2 × 0, அதாவது 0. வலது பக்கமும் மட்டு d இல் 0 ஆக வேண்டும். ஆகவே d ஆனது 91ஐ வகுக்கிறது. 91ஐ வகுக்கும் எண் 91ஐ விடப் பெரிதாக இருக்க முடியாது. அவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதில் காரணி பிரித்தல் எங்கேயும் இல்லை. 91 எப்படிக் கிடைத்தது என்பதும் தேவையில்லை. கனவில் கண்டேன் என்று ஒருவன் சொன்னாலும், இந்த ஒரு வரியும் 91 × 31, 91 × 21 என்ற இரண்டு பெருக்கல்களும் இருந்தால் விடை உறுதி.

மறுநாள் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். சரிபார்ப்பில் இரண்டு பாதிகள் இருக்கின்றன, அவை எதிரெதிரான பிழைகளைப் பிடிக்கின்றன. ஒருவன் ஆசைப்பட்டு 273 என்று பெரிதாகச் சொன்னால் முதல் பாதியே பிடித்துவிடும்: 2821ஐ 273ஆல் வகுத்தால் 91 மீதி. ஒருத்தி 7 என்று சிறிதாக நிறுத்திக்கொண்டால் முதல் பாதி வாய் திறக்காது. 7 இரண்டையும் வகுக்கத்தான் செய்கிறது. அவளை இரண்டாம் பாதிதான் பிடிக்கும். 2821களையும் 1911களையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 91இன் மடங்குதான் வரும், 7 ஒருபோதும் வராது. 7க்கு அந்த ஒற்றை வரியை எழுதிக்காட்டு என்றால் முடியாது என்பதிலிருந்தே ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். நாங்கள் எல்லோரும் இத்தனை காலமும் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு 'சரிபார்த்தேன்' என்று எழுதிவந்தோம்.

அந்த மாணவி எழுந்து, எண்கள் பெரிதாக இருந்தால் 3, 2 என்ற அந்தப் பெருக்கிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். ஊகிக்க வேண்டியதில்லை. மீதி எடுத்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வந்தால் தாமாகவே வரும். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டில் எழுதிவைத்த குட்டக முறையும் இந்த வழியில் போவதுதான்.

பெருக்கலிலேயே பிழை இருந்தால்

இவ்வளவும் 3 × 1911 = 5733 என்பது சரியாக இருந்தால்தான். கைக்கணக்கில் அவசரப்படும் பிள்ளை அதை 5373 என்று எழுதிவிடலாம். நடு இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவது நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி காணும் பிழை. சாட்சி வரியிலேயே பிழை இருந்தால் சாட்சி எதற்கு?

இங்கே பிள்ளைகள் உடனே 'இலக்கச் சுட்டி போட்டுப் பார்க்கலாம் சேர்' என்றார்கள். கீழ் வகுப்பில் படித்ததுதான்: இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கமாக்குவது. 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 100, 1000 எல்லாவற்றுக்கும் மீதி 1. இலக்கங்களைக் கூட்டினால் 9ஆல் வகுத்த மீதி கிடைப்பது அதனால்தான் (சுட்டி 9 என்றால் மீதி 0). 1911க்குச் சுட்டி 3. மூன்றால் பெருக்க 9. 5733க்கும் 5 + 7 + 3 + 3 = 18, அதாவது 9. பொருந்துகிறது. ஆனால் பிழையான 5373க்கும் அதே 18தான். இலக்கங்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. எந்தப் பிழை அதிகம் நடக்கிறதோ அந்தப் பிழைக்கே இலக்கச் சுட்டி குருடு. இதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. சுட்டி பொருந்தினால் விடை சரி என்ற நம்பிக்கையோடு அவர்களை விட்டுவைத்திருந்தேன்.

அதற்குத் துணையாக 11 வேண்டும். 10ஐ 11ஆல் வகுக்கும்போது அதை −1 என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் 11க்கு ஒன்று குறைவு. ஆகவே வலமிருந்து இடமாக இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் போக வேண்டும். 1911க்கு 1 − 1 + 9 − 1 = 8. மூன்றால் பெருக்க 24, அதில் 22 போக 2. 5733க்கு 3 − 3 + 7 − 5 = 2. பொருந்துகிறது. 5373க்கு 3 − 7 + 3 − 5 = −6, 11ஐக் கூட்டினால் 5. பொருந்தவில்லை, பிடிபட்டது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் 11 கட்டாயம் கண்டுபிடிக்கும். ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாறினால் 11உம் ஏமாந்துவிடும், 9உம் ஏமாந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 99இன் மடங்காக அமையும் பிழை மட்டுமே தப்பும். பொருந்தவில்லை என்றால் பிழை நிச்சயம். பொருந்தியது என்றால் பிழை இல்லை என்று நிச்சயமில்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று அன்று இரண்டு தடவை சொன்னேன்.

மட்டுவில் சமம், மீதியில் சமமில்லை

அடுத்த வாரம் அதே கணக்கைக் கொஞ்சம் திருகிக் கொடுத்தேன். 2829ஐ வகுத்தால் மீதி 8, 1920ஐ வகுத்தால் மீதி 9 வரச் செய்யும் எண்கள் எல்லாவற்றையும் எழுதுக. 8ஐயும் 9ஐயும் கழித்தால் பழைய 2821, 1911தான். பொ.கா.பெ. 91. அதன் காரணிகள் 1, 7, 13, 91. வகுப்பில் பாதிப் பேர் நான்கையும் எழுதினார்கள். சிலர் 1ஐ மட்டும் விட்டுவிட்டார்கள்.

7 ஏன் கூடாது என்று கேட்டபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 2829 − 8ஐ 7 வகுக்கிறது. மட்டு 7இல் 2829உம் 8உம் சமம். இது முழு உண்மை. ஆனால் 2829ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள்: 7 × 404 = 2828, மீதி 1. 1920க்கு 7 × 274 = 1918, மீதி 2. 8 கன்றுகள் மிஞ்சினால் அதில் இன்னொரு 7 கன்று வரிசையைப் போட்டுவிடலாமே. மட்டுவில் சமம் என்பதும் மீதி என்பதும் ஒன்றல்ல. மட்டு 7இல் 8, 1, 15, −6 எல்லாம் ஒரே ஆள். மீதி என்று சொன்னால் 0க்கும் 6க்கும் இடையில் உள்ள அந்த ஒருவர் மட்டும். மட்டு வழியில் போகிறவர்கள் கடைசியில் ஒருமுறை நின்று, வகுக்கும் எண் மீதியை விடப் பெரிதா என்று பார்க்க வேண்டும். இங்கே 9ஐ விடப் பெரியவை 13உம் 91உம் மட்டும். 91இலிருந்து காரணிகளை எழுதும் வேலையில் எந்தப் பிழையும் இல்லாமலே இந்த வினாவில் முழுப் புள்ளியும் போய்விடும்.

மூன்றாவது நாற்றுமேடை

போன வெள்ளிக்கிழமை, முதலில் 7 எழுதிய அந்த மாணவி வகுப்பு தொடங்குமுன்னே வந்துவிட்டாள். மூன்றாவதாக 1209 கன்றுகளோடு ஒரு நாற்றுமேடை இருந்தால் என்ன செய்வது என்று தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் இரண்டுக்கும் 91 என்று தெரியும். ஆகவே 91ஐயும் 1209ஐயும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். 1209இல் 91 பதின்மூன்று முறை, மீதி 26. 91இல் 26 மூன்று முறை, மீதி 13. 26இல் 13 இரண்டு முறை, முடிந்தது. விடை 13. 13 × 217, 13 × 147, 13 × 93 என்று மூன்று பெருக்கல்களும் கீழே இருந்தன. அதோடு அவள் நிறுத்தவில்லை. மீதிகளைப் பின்னோக்கிப் போட்டு 40 × 91 − 3 × 1209 = 13 என்று எடுத்து, 91 இருந்த இடத்தில் முந்தைய வரியை வைத்து, தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தாள்:

120 × 1911 − 80 × 2821 − 3 × 1209 = 13

"பெருக்கி மட்டும் பார்க்கவில்லை சேர், பெரிய எண்கள்" என்றாள். சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். 229320 என்று எழுதினாள். அதன் கீழே 225680. கழித்து 3640. 3 × 1209 என்பது 3627. கடைசிக் கழித்தலுக்கு முன், யாரும் சொல்லாமலே, ஓரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் 11 போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். பின்னால் பெஞ்சில் இருந்த அந்த மாணவன் தன் கொப்பியில் 9 போட்டுக்கொண்டிருந்தான்.